ஸ்பான்சர் கடிதத்தில் கடைக்காரர் தேடுவது

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் சிம்போசியம் சீசன் தொடங்கிவிடும். பொறியியல் கல்லூரி இருக்கும் எந்த ஊரிலும் பேக்கரி, ஜெராக்ஸ் கடை, பைக் ஷோரூம், கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டர் என்று ஒரு கடை விடாமல் மாணவர்கள் ஏறி இறங்குவார்கள். கையில் துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். எங்கள் மன்றம் நடத்தும் தேசிய அளவிலான தொழில்நுட்ப விழாவுக்குத் தங்கள் மேலான ஆதரவை வேண்டுகிறோம் என்பதுதான் அதன் சாரம். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “வச்சுட்டுப் போங்க தம்பி, பார்த்துச் சொல்றேன்” என்பார். அநேகமாக அதோடு முடிந்தது.

அவருக்கு மனமில்லை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், முடிவெடுக்க வேண்டிய தகவல் எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. எத்தனை பேர் வருவார்கள், கடையின் பெயர் எங்கே வரும், எவ்வளவு தர வேண்டும், அந்தப் பணம் யாருடைய கணக்குக்குப் போகும் என்று எதுவும் தெரியாதபோது, கல்லாவிலிருந்து 500 ரூபாயை எடுத்துக் கொடுப்பதுதான் அவரால் முடியும். சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்திரா, திருச்சி என்.ஐ.டி.யின் பிரக்யான் போன்ற விழாக்களுக்குப் பெயர் ஒன்றே பெரிய நிறுவனங்களை இழுத்துவரும். மாவட்டத் தலைநகரில் ஒரு துறை மன்றம் நடத்தும் ஒருநாள் சிம்போசியத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. ஆனால், சில கடைகளின் சரக்கை நிஜமாகவே வாங்கக்கூடிய ஒரு கூட்டம் அதனிடம் இருக்கிறது. கடிதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எலக்ட்ரானிக்ஸ் துறை மன்றம் ஒன்று சிம்போசியம் நடத்துகிறது. 300 மாணவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பு. சாப்பாடு, பரிசு, ஃபிளெக்ஸ், சான்றிதழ், ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் செலவு. தலைக்கு 200 ரூபாய் பதிவுக் கட்டணத்தில் 60,000 வரும், கல்லூரி 25,000 தரும். துண்டு விழுவது 25,000. இதை ஒரே கடையில் கேட்டால் கிடைக்காது. ஊரையே சுற்றினாலும் நூறும் ஐநூறுமாகத்தான் சேரும். போட்டிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் போட்டியால் எந்தக் கடைக்கு வியாபாரம் நடக்கும் என்று பார்ப்பதுதான் நல்ல வழி.

அந்தப் பட்டியலில் லைன் ஃபாலோயர் போட்டி இருக்கிறது. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தானாகப் பார்த்து ஓடும் சின்ன ரோபோ. அதைச் செய்ய இரண்டு மோட்டார், சக்கரங்கள், ஐ.ஆர். சென்சார், மோட்டார் டிரைவர், ஓர் ஆர்டுயினோ போர்டு, பேட்டரி வேண்டும். ஓர் அணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 அணிகள் பதிவு செய்தால், இந்தப் பொருள்களை அவர்கள் எங்கேயோ வாங்கித்தான் ஆக வேண்டும், பெரும்பாலும் ஆன்லைனில். பதிவு செய்த அணிகளுக்கு ஊரிலுள்ள எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடையின் 5 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனை மன்றமே அனுப்பினால், விழாவுக்கு முன்பாகவே கடைக்கு ஆள் வரும்.

அந்தக் கடைக்கு எழுதும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் சிம்போசியத்தில் லைன் ஃபாலோயர் போட்டி நடக்கிறது. சென்ற ஆண்டு 31 அணிகள் கலந்துகொண்டன, பதிவுப் பட்டியலை இணைத்துள்ளோம். இந்த ஆண்டு 40 அணிகளை எதிர்பார்க்கிறோம். இந்தப் போட்டியைத் தங்கள் கடையின் பெயரில் நடத்த விரும்புகிறோம். போட்டி அரங்கின் ஃபிளெக்ஸிலும் வெற்றிச் சான்றிதழிலும் தங்கள் கடைப்பெயர் வரும். பதிவு செய்யும் ஒவ்வோர் அணிக்கும் தங்கள் கடையின் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவோம். அன்று அரங்க வாசலில் ஒரு மேசை போட்டுக்கொள்ள முதல்வரின் அனுமதி பெற்றுள்ளோம். இதே துறையில் வேறு கடையின் பெயரைச் சேர்க்க மாட்டோம். இதற்கு 4,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்களைப் பரிசாகவும் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

தொகையை இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. 10 அணிகள் கூப்பனோடு வந்தால் தள்ளுபடி போக 11,400 ரூபாய்க்கு விற்பனை நடக்கும். அதில் லாபம் 8,000 வராது என்பது கடைக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பரிசாகக் கொடுக்கும் 4,000 ரூபாய்ப் பொருளோ, அவருடைய கொள்முதல் விலையில் அதைவிடக் குறைவு. மன்றமும் எப்படியும் பரிசு வாங்கத்தான் போகிறது. மீதியை அவர் விளம்பரச் செலவாக எண்ணிக்கொள்வார், மினி புராஜெக்டுக்கும் இறுதியாண்டு புராஜெக்டுக்கும் அதே மாணவர்கள் திரும்ப வருவார்கள் என்ற கணக்கில். சென்ற ஆண்டு 31 அணிகள்தான் என்றால் 31 என்றே எழுத வேண்டும். கூட்டிச் சொன்னால், அன்று மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கடைப் பையனே எண்ணிப் பார்த்துவிடுவான். அடுத்த ஆண்டு அந்தக் கடையின் படியேற முடியாது.

பணம் வாங்கும் விதத்தில்தான் பல மன்றங்கள் கோட்டைவிடுகின்றன. ஒரு மாணவரின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுத்தால், கடைக்காரருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். கல்லூரியின் அல்லது துறைச் சங்கத்தின் வங்கிக் கணக்கு எண்ணைக் கடிதத்திலேயே குறிப்பிட்டு, ரசீது தருவதாகவும் எழுத வேண்டும். விளம்பரத்துக்காகக் கொடுத்த தொகை என்று ரசீதில் தெளிவாக இருந்தால்தான், அதை அவர் வியாபாரச் செலவாகக் கணக்கில் காட்ட வழியுண்டு. வெறும் நன்கொடை என்றால் அது வியாபாரச் செலவில் சேராது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு பொதுவாக ஏற்கப்படாது. அதனால் பெரிய தொகையை வங்கி வழியாகவே கேளுங்கள். ஸ்பான்சர் தொகைக்கு ஜி.எஸ்.டி. விதிகளும் உண்டு. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து அவை மாறும் என்பதால், கடிதம் அச்சாகும் முன்பே கல்லூரியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.

உரிமையாளர் தமிழில் கணக்கெழுதுபவர் என்றால் கடிதமும் தமிழில் இருக்கட்டும். ஒரு பக்கம் போதும். விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே போங்கள். கடைசி வாரத்தில் போனால் ஃபிளெக்ஸ் அச்சாகியிருக்கும், கொடுப்பதற்கு நம்மிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. மாலை வியாபார நேரத்தில் போகாமல், சாப்பாட்டு நேரம் கழிந்து மூன்று மணி வாக்கில் போனால் அவர் உட்கார்ந்து பேசுவார். சம்மதித்துவிட்டால், கடையின் லோகோவை அவருக்கு வழக்கமாக ஃபிளெக்ஸ் அடித்துத் தரும் அச்சகத்திலிருந்து கோரல் டிரா ஃபைலாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பத்தடிக்குப் பெரிதாக்கினால் மங்கிவிடும். பணம் கொடுத்தவரின் பெயரே தெளிவாகத் தெரியாத ஃபிளெக்ஸைப் பல விழாக்களில் பார்க்கலாம். பார்க்கவே வேதனையாக இருக்கும்.

விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் இன்னொரு கடிதம் போக வேண்டும். எத்தனை அணிகள் வந்தன, எத்தனை கூப்பன்கள் போயின, கடைப்பெயர் தெரியும் இரண்டு புகைப்படங்கள், ரசீது. இதைப் பெரும்பாலான மன்றங்கள் செய்வதில்லை. தேர்வு வந்துவிடும், பொறுப்பாளர்கள் மாறிவிடுவார்கள். ஆண்டுதோறும் ஆள் மாறும் மன்றத்தில் கடைக்காரரைத் தெரிந்த ஒருவரும் மிஞ்சுவதில்லை. ஆகவே இறுதியாண்டு மாணவர்களே, இரண்டு கடிதங்களின் நகலையும், பதிவுப் பட்டியலையும், மறுத்த கடைகள் சொன்ன காரணத்தையும் ஒரு ஃபைலில் போட்டு, அடுத்த செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் அவரை ஒருமுறை அந்தக் கடைக்கு நேரில் அழைத்துப் போய் அறிமுகம் செய்து வையுங்கள்.