வி.பி.என். சேவையில் தனி முகவரியும் பகிர்வு முகவரியும்

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவியும் வெளியுலகுக்கு ஓர் ஐ.பி. முகவரியுடன் தெரிகிறது. வணிக வி.பி.என். சேவையைப் பயன்படுத்தும்போது, வலைத்தளங்களுக்குத் தெரிவது நம் வீட்டு இணைப்பின் முகவரி அன்று. அந்நிறுவனத்தின் சேவையகத்திற்குரிய முகவரியாகும். அம்முகவரி இரு வகையில் வழங்கப்படுகிறது. ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் அது பகிர்வு முகவரி. ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டு, நாள்தோறும் மாறாமல் இருந்தால் அது தனி முகவரி. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் வகையை அடிப்படைச் சந்தாவிலேயே தருகின்றன. இரண்டாவதற்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன.

கட்டணம் கூடுதல் என்பதால் தனி முகவரியே அதிகப் பாதுகாப்பானது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. இரண்டிலும் மறையாக்கம் ஒன்றுதான். எதிர்முனையில் இருப்பவர் நம்மை அடையாளம் காண வேண்டுமா, காணாமல் இருக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பகிர்வு முகவரி இயங்கும் முறை

இருநூறு மாணவர்கள் தங்கிய விடுதியிலிருந்து செல்லும் கடிதங்கள் அனைத்திலும் அனுப்புநர் முகவரியாக விடுதியின் முகவரி மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். கடிதத்தைப் பெறுபவருக்கு எந்த மாணவர் எழுதினார் என்று தெரியாது. பதில் வந்தால் அது யாருக்கு உரியது என்பது விடுதிக் காப்பாளரிடம் உள்ள குறிப்பேட்டில்தான் இருக்கும்.

வி.பி.என். சேவையகமும் இப்படித்தான் செயல்படுகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் இணைப்புக்கும் அது ஒரு போர்ட் எண்ணை ஒதுக்கி, எந்த எண் யாருக்குரியது என்பதை ஒரு தற்காலிக அட்டவணையில் வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவருக்கு அனுப்புகிறது. இணைப்பு முடிந்ததும் அந்தப் பதிவு நீங்கிவிடுகிறது. வலைத்தளத்தின் பதிவேட்டில் முகவரியும் நேரமும் இருந்தாலும், அந்த நேரத்தில் அம்முகவரியில் இருந்த பலருள் யார் வந்தார் என்பதை அவற்றைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. கூட்டத்தில் கலந்திருப்பதே இங்குக் கிடைக்கும் காப்பு.

ஆனால் கூட்டத்தில் ஒருவர் செய்யும் தவறு எல்லாரையும் பாதிக்கும். அதே முகவரியிலிருந்து யாரோ ஒருவர் ஆயிரக்கணக்கான எரிதங்களை அனுப்பினாலோ, கடவுச்சொற்களை ஊகித்துத் தாக்கினாலோ, அம்முகவரியே ஐயத்திற்குரியதாகிவிடும். பிறகு அதே முகவரியில் வரும் மற்றவர்களுக்கும் ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்கும் கேப்ட்சா படங்கள் மீண்டும் மீண்டும் வரும். சில தளங்கள் முற்றிலும் மறுத்துவிடும்.

தனி முகவரி தீர்க்காத சிக்கல்

இத்தொல்லையிலிருந்து விடுபடவே பலர் தனி முகவரி வாங்குகின்றனர். அது சில வேளைகளில் உதவும், சில வேளைகளில் உதவாது. காரணம், தளங்கள் ஒற்றை முகவரியின் நடத்தையை மட்டும் பார்ப்பதில்லை. அம்முகவரி வீட்டு இணைப்பு வழங்கும் நிறுவனத்திற்கு உரியதா, தரவு மையத்திற்கு உரியதா என்பதையும் பார்க்கின்றன. வி.பி.என். நிறுவனம் தரும் தனி முகவரியும் பெரும்பாலும் தரவு மையத்தின் முகவரித் தொகுதியைச் சேர்ந்ததே.

விக்கிப்பீடியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வி.பி.என். வழியாக அதைப் படிக்கத் தடையில்லை. ஆனால் தொகுக்க முயன்றால் தடை அறிவிப்பு வருவது வழக்கம். நாசவேலையைத் தடுப்பதற்காக, வி.பி.என். நிறுவனங்கள் பயன்படுத்தும் முகவரித் தொகுதிகள் மொத்தமாகத் தடுக்கப்பட்டிருப்பதே காரணம். அத்தொகுதிக்குள் நமக்கென்று ஒரு முகவரி வாங்கினாலும் தடை அப்படியே இருக்கும். தக்க காரணம் உடைய பயனர்கள் தம் கணக்கிற்குத் தடைவிலக்கு கோரலாம். அங்கே அதுவே உரிய வழி.

பணம் செலுத்துவதற்கு முன் இதை எளிதாகச் சோதிக்கலாம். முதலில் வி.பி.என். இல்லாமல் தளத்தைத் திறந்து, சிக்கல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு அதே நிறுவனத்தின் நான்கைந்து சேவையகங்களுக்கு மாறி மாறி முயல வேண்டும். ஒன்றில் தடையும் மற்றொன்றில் அனுமதியும் கிடைத்தால், சிக்கல் குறிப்பிட்ட முகவரியின் பெயர்க்கேடு; தனி முகவரி உதவக்கூடும். எல்லாவற்றிலும் தடை வந்தால், தளம் அந்தத் தொகுதிகளையே ஏற்பதில்லை என்று பொருள். தனி முகவரி பெரும்பாலும் வீண் செலவாகும்.

தனி முகவரி உண்மையில் தேவைப்படும் இடம்

தனி முகவரியின் சரியான பயன், ‘இம்முகவரியிலிருந்து வந்தால் மட்டும் உள்ளே விடு’ என்று எதிர்முனை கேட்கும் இடத்தில் உள்ளது. ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் வீட்டிலிருந்து பணிபுரியும் ஒரு நிரலாளர், ஒரு கடையின் சரக்கிருப்புக் கணக்கு இயங்கும் லினக்ஸ் சேவையகத்தைப் பராமரிக்கிறார். அதன் எஸ்.எஸ்.எச். வாயில் உலகுக்கே திறந்திருப்பதால், நாள் முழுதும் தானியங்கி நிரல்கள் கடவுச்சொற்களை முயன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. தம் முகவரிக்கு மட்டும் திறக்கலாம் என்றால், வீட்டு ரௌட்டரை அணைத்துப் போட்டாலே முகவரி மாறிவிடுகிறது. கைப்பேசி இணைப்பிலோ, தொலைத்தொடர்பு நிறுவனமே ஒரு முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறது.

அவர் பகிர்வு முகவரி ஒன்றை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் வாயில் மூடியதாகாது. அச்சேவையகத்தின் பிற வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் திறந்ததாகிவிடும். எனவே இங்குத் தனி முகவரி வேண்டும். வி.பி.என்.-இல் இணைந்தபின், தம் கணினியில் முதல் கட்டளையை இட்டு முகவரியை உறுதி செய்துகொள்கிறார். மற்றவற்றைச் சேவையகத்தில் இடுகிறார். இங்குள்ள முகவரி, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது.

```
curl -4 https://ifconfig.me
sudo ufw allow from 203.0.113.45 to any port 22 proto tcp
sudo ufw delete allow 22/tcp
sudo ufw status numbered
```

யு.எஃப்.டபிள்யூ. தீயரண் ஏற்கெனவே இயங்குகிறது, வெளியிலிருந்து வரும் மற்ற இணைப்புகளை இயல்பாக மறுக்கிறது, பழைய விதி `22/tcp` என்ற பெயரில் சேர்க்கப்பட்டது என்று இங்குக் கொள்ளப்பட்டுள்ளது.

இதில் வரிசை முக்கியம். புதிய விதியைச் சேர்த்ததும், திறந்திருக்கும் சாளரத்தை மூடாமல், வேறொரு சாளரத்தில் புகுந்து பார்க்க வேண்டும். அது வெற்றி பெற்ற பின்னரே பழைய விதியை நீக்க வேண்டும். முன்னதாக நீக்கினால், முகவரியில் ஓர் எண் தவறியிருந்தாலும் நாமே வெளியே பூட்டப்படுவோம். பழையதை நீக்க மறந்தால் வாயில் முன்போலவே எல்லாருக்கும் திறந்திருக்கும். நாம் மூடிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்போம். ஆகவே இறுதியில் வி.பி.என்.-ஐத் துண்டித்துவிட்டுப் புக முயல வேண்டும். புக முடியாமல் போனால்தான் வேலை சரியாக முடிந்தது.

பின்னாளில் புக முடியாதபோது திரையில் வரும் செய்தியே காரணத்தைக் காட்டும். நெடுநேரம் காத்திருந்து `Connection timed out` என்று வந்தால், பெரும்பாலும் தீயரண் நம்மை ஏற்கவில்லை, வி.பி.என். அறுந்து வீட்டு முகவரியில் வந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். `Permission denied` என்று வந்தால் முகவரி ஏற்கப்பட்டுவிட்டது. கோளாறு சாவியிலோ கடவுச்சொல்லிலோ இருக்கிறது. முகவரி வெளிக்கதவு மட்டுமே என்பதால் எஸ்.எஸ்.எச். சாவியைக் கைவிடக் கூடாது. வி.பி.என். நிறுவனமே செயலிழந்தால் புகுவதற்கு, மேகக் கணினி நிறுவனம் உலாவியில் தரும் அவசர முனையம் இயங்குகிறதா என்றும் முன்பே பார்த்து வைக்க வேண்டும்.

பலர் மறப்பது சந்தா முடியும் நாள். சந்தா நின்றபின் அம்முகவரி வேறொருவருக்குப் போகலாம். ஆனால் அனுமதிப் பட்டியலில் அது அப்படியே இருக்கும். விதியை நீக்கிய பிறகே சந்தாவை நிறுத்த வேண்டும்.

தனிமையில் ஏற்படும் இழப்பு

தனி முகவரியில் கூட்டம் இல்லை. இன்று ஒரு மன்றத்திலும், அடுத்த மாதம் ஒரு கடையிலும், பிறகு ஒரு செய்தித் தளத்திலும் அதே முகவரி பதிவாகும். அவை மூன்றையும் ஒருவரே செய்தார் என்று இணைப்பது எளிது. ஒரே ஓர் இடத்தில் மெய்ப்பெயருடன் புகுந்திருந்தால், மற்றவையும் அப்பெயரோடு சேர்ந்துவிடும். சில நிறுவனங்கள் வாடிக்கையாளர் கணக்கையும் தனி முகவரியையும் பிரித்து வைக்க ஏற்பாடு செய்திருக்கின்றன. அது நிறுவனத்தின் ஏட்டைப் பொறுத்த காப்பே தவிர, தளங்கள் முகவரியை இணைத்துப் பார்ப்பதைத் தடுக்காது.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், வி.பி.என். சேவை தருவோர் வாடிக்கையாளரின் பெயர், தொடர்பு விவரம், அவருக்கு ஒதுக்கிய ஐ.பி. முகவரிகள் முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. இதையடுத்து நார்ட்வி.பி.என்., எக்ஸ்பிரஸ்வி.பி.என். போன்றவை இந்தியாவிலிருந்த தம் சேவையகங்களை அகற்றின. இத்தகைய ஏட்டில் தனி முகவரி என்பது ஒரு பெயருக்கு நேராக எழுதப்பட்ட ஒற்றை வரி.

யாருக்கு எது

தேநீர்க் கடை, விடுதி, தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றின் பொது வைஃபையில் உலாவுபவருக்கும், தம் தேடல்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படுவதை விரும்பாதவருக்கும் பகிர்வு முகவரியே பொருத்தம். கேப்ட்சாத் தொல்லை அதற்கான விலை.

அனுமதிப் பட்டியல் கேட்கும் சேவையகத்தையோ அலுவலகத் தரவுத்தளத்தையோ வெவ்வேறு இடங்களிலிருந்து அணுக வேண்டியவருக்குத் தனி முகவரி தேவை. ஒரே வீட்டிலிருந்து மட்டும் பணிபுரிபவர், இணைய இணைப்பு நிறுவனத்திடமே நிலையான முகவரி கேட்டுப் பார்க்கலாம். சில வேளைகளில் அது மலிவாகவும் அமையும்.

இரண்டுமே உதவாத சூழல்களும் உள்ளன. பல்கலைக்கழக நூலகம் சந்தா செலுத்தும் ஆய்விதழ்கள், வளாகத்தின் முகவரியைக் கொண்டு மாணவரை அறிகின்றன. அதற்குப் பல்கலைக்கழகத்தின் சொந்த வி.பி.என். அல்லது பயனர் புகுபதிகை வேண்டும். கடையில் வாங்கும் தனி முகவரி அங்குச் செல்லாது. வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க விரும்புவோரும் கவனிக்க வேண்டும்: முகவரி நமக்கே உரியதாக இருந்தாலும், உள்நோக்கி வரும் இணைப்புகளை வி.பி.என். நிறுவனம் அனுப்பிவைக்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் அவ்வாறு செய்வதில்லை என்பதால், வாங்கும் முன் கேட்டறிவது நல்லது.