50 எம்.பி.க்குள் அடங்கும் வீடியோ: இரண்டு முறை ஓடும் என்கோடிங்

ஒரு வீடியோ கோப்பின் அளவை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது எத்தனை விநாடி ஓடுகிறது, ஒரு விநாடிக்குச் சராசரியாக எத்தனை பிட் செலவாகிறது. இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் பிட்ரேட் என்று பெயர். 1080 ஆனாலும் 480 ஆனாலும், 600 விநாடி ஓடும் வீடியோவுக்கு விநாடிக்கு 560 கிலோபிட் என்று வைத்தால் கோப்பு ஒரே அளவில்தான் வரும். மாறுவது படத்தின் தெளிவு மட்டுமே. ஆகவே கோப்பு குறிப்பிட்ட அளவில் வர வேண்டுமென்றால், முதலில் பிட்ரேட்டைக் கணக்கிட வேண்டும். பிறகு, என்கோடர் அந்தச் சராசரியைக் கடைசி ஃபிரேம் வரை காப்பாற்ற வேண்டும். இரண்டாவது வேலைதான் கடினம். இருமுறை என்கோடிங் உருவானது அதற்காகத்தான்.

2000-களின் தொடக்கத்தில் முழுப் படம் ஒன்றை ஒரே சி.டி.யில் அடக்க முயன்றவர்கள் இந்த முறையை அன்றாடம் கையாண்டார்கள். 80 நிமிட சி.டி.யில் 73,72,80,000 பைட் எழுதலாம். அதற்கு மேல் ஒரு பைட்டுக்கும் இடமில்லை. இன்று சி.டி. போய்விட்டது, வரம்பு போகவில்லை. விண்ணப்பப் படிவங்கள், போட்டிகளின் இணையதளங்கள், அரட்டைச் செயலிகள் எல்லாம் ஏதோ ஓர் உச்ச அளவை விதிக்கின்றன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். சரியாகப் பத்து நிமிடம் ஓடும் ஓர் ஆவணப்படம். முதல் ஆறு நிமிடம் ஓர் அறைக்குள் ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார், கேமரா அசையவில்லை. கடைசி நான்கு நிமிடம் திருவிழாக் கூட்டம், தூசி, ஆடும் கொடிகள். விநாடிக்கு 25 ஃபிரேம். அனுப்ப வேண்டிய இடத்தில் உச்சவரம்பு 50 எம்.பி.

முதலில் ஓடும் நேரத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வீடியோ பிளேயர் காட்டும் 10:00 என்பதில் அரை விநாடி ஒளிந்திருக்கலாம். கீழ்க்காணும் கட்டளை விநாடிகளைத் தசமத்தோடு காட்டும்:

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 padam.mp4
```

விடை 600 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எம்.பி. என்பதை எப்படி எண்ணுவது என்ற கேள்வி. விண்டோஸில் ஒரு எம்.பி. என்பது 10,48,576 பைட். வேறு பல இடங்களில் அது பத்து லட்சம் பைட். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 5 சதவீத வித்தியாசம். வரம்பு விதித்தவர் எந்தக் கணக்கில் எண்ணுகிறார் என்று தெரியாதபோது சிறிய கணக்கை எடுப்பதே பாதுகாப்பு. 50 எம்.பி. என்றால் 5 கோடி பைட், அதாவது 40 கோடி பிட். 600 விநாடிக்கு வகுத்தால் விநாடிக்கு 6,66,666 பிட்.

இது முழுவதும் படத்துக்குக் கிடைக்காது. ஒலிக்கு விநாடிக்கு 96 கிலோபிட் ஒதுக்க வேண்டும். எம்.பி.4 உறைக்கும் இடம் வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமும் கோப்பில் எங்கே இருக்கிறது, எத்தனை பைட், எப்போது திரையில் வர வேண்டும் என்ற அட்டவணைகளை அந்த உறைதான் சுமக்கிறது. இந்தப் படத்தில் 15,000 படஃபிரேம்கள் இருக்கின்றன. ஒலித்துண்டுகள் அதைவிட அதிகம். ஒவ்வொன்றுக்கும் சில பைட்டுகள் என்றாலும் மொத்தம் மூன்று நான்கு லட்சம் பைட் வந்துவிடும். அதற்கென்று 1 சதவீதம் ஒதுக்கினால் மீதி 660 கிலோபிட். ஒலி போக 564. கீழ்நோக்கி முழுமையாக்கினால் படத்துக்கு 560 கிலோபிட்.

560 கிலோபிட் 1080 அளவுக்குப் போதாது. இந்த இடத்தில் தயங்காமல் படத்தின் அளவை 480 வரிகளுக்குக் குறைத்துவிடுவது நல்லது. கட்டம் கட்டமாக உடைந்து தெரியும் பெரிய படத்தைவிடச் சுத்தமான சிறிய படம் கண்ணுக்கு இதம்.

இப்போது கடினமான பகுதி. 560 என்பது சராசரி. பேசும் மனிதருக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் அதே 560-ஐச் சமமாகப் பங்கிடுவது வீண். அசையாத சுவரின் முன் ஒருவர் பேசும் காட்சியில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் உதடு, கண், கை அளவுதான். அங்கே விநாடிக்கு 250 கிலோபிட் போதும் என்று வைத்தால், ஆறு நிமிடத்துக்கு 9 கோடி பிட் செலவு. மொத்த இருப்பு 33.6 கோடி. மிச்சமுள்ள 24.6 கோடி பிட்டைக் கடைசி நான்கு நிமிடத்துக்குக் கொடுத்தால், கூட்டத்துக்கு விநாடிக்கு 1,025 கிலோபிட் கிடைக்கும். சராசரி அப்போதும் 560-தான்.

ஒரே முறை ஓடும் என்கோடரால் இந்தப் பங்கீட்டைச் செய்ய முடியாது. மூன்றாவது நிமிடத்தில் இருக்கும்போது ஏழாவது நிமிடத்தில் கூட்டம் வரப்போவது அதற்குத் தெரியாது. சராசரி 560 என்று சொல்லியிருப்பதால், எளிய காட்சிக்கும் தாராளமாகச் செலவழித்துக் கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களைக்கூடச் சேமிக்கும். கூட்டம் வந்ததும் கையிருப்பு பற்றாது. அப்போது படத்தை மங்கவிட வேண்டும், இல்லையேல் இலக்கை மீற வேண்டும். சிரமமான காட்சி படத்தின் கடைசியில் வந்தால், மீறியதைச் சரிக்கட்டப் பின்னால் நேரமும் இருக்காது.

இதற்குத் தீர்வு, படத்தை முதலில் ஒருமுறை முழுதாக ஓட்டி அளந்துவிட்டு, அந்த அளவுகளை வைத்து மறுபடி ஓட்டுவது. பரவலாகப் பயன்படும் ffmpeg மென்பொருளில், H.264 என்கோடரான x264-ஐக் கொண்டு அது இப்படி நடக்கும்:

```
ffmpeg -y -i padam.mp4 -vf scale=-2:480 -c:v libx264 -preset slow \
  -b:v 560k -pass 1 -an -f null /dev/null

ffmpeg -i padam.mp4 -vf scale=-2:480 -c:v libx264 -preset slow \
  -b:v 560k -pass 2 -c:a aac -b:a 96k mudivu.mp4
```

விண்டோஸில் `/dev/null` என்ற இடத்தில் `NUL` என்று எழுத வேண்டும். முதல் ஓட்டத்தில் படம் எதுவும் சேமிக்கப்படுவதில்லை, ஒலியும் தேவையில்லை. அது விட்டுச்செல்வது `ffmpeg2pass-0.log` என்ற எழுத்துக் கோப்பையும், அதே பெயரோடு `.mbtree` என்று முடியும் துணைக் கோப்பையும்தான். எழுத்துக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஃபிரேமுக்கு ஒரு வரி இருக்கும். நடுவிலுள்ள சில பகுதிகளை விட்டுவிட்டால் வரிகள் இந்தத் தோற்றத்தில் இருக்கும்:

```
type:b  tex:143    mv:212   misc:61    imb:0    pmb:31    smb:1589
type:P  tex:38214  mv:9120  misc:1386  imb:212  pmb:1301  smb:107
```

480 வரிப் படத்தை என்கோடர் 16-க்கு 16 புள்ளி கொண்ட 1,620 சதுரங்களாகப் பிரிக்கிறது. `smb` என்பது முந்தைய படத்திலிருந்து மாற்றமின்றி அப்படியே எடுத்துக்கொண்ட சதுரங்களின் எண்ணிக்கை. `pmb` என்பது வேறொரு ஃபிரேமிலிருந்து ஊகித்தவை, `imb` என்பது புதிதாகவே வரைய வேண்டியவை. முதல் வரியில் 1,589 சதுரங்கள் அசையவே இல்லை. மொத்தச் செலவு 416 பிட். பேசுபவரின் காட்சி இப்படித்தான் பதிவாகும். இரண்டாவது வரியில் 107 சதுரங்கள் மட்டுமே சும்மா இருக்கின்றன, செலவு 48,720 பிட். கூட்டத்தின் அடையாளம் அது. இப்படி 15,000 வரிகள் சேர்ந்தால் படத்தின் சிரமம் எங்கெங்கே இருக்கிறது என்பது முழுதாகப் பதிவாகிவிடும்.

இரண்டாம் ஓட்டம் ஒரு ஃபிரேமைக்கூட எழுதுவதற்கு முன் இந்த வரிகள் அனைத்தையும் படிக்கிறது. ஃபிரேமுக்கு ஃபிரேம் பிட்டுகளைப் பங்கிட்டு, கூட்டிப் பார்த்து, மொத்தம் இலக்கோடு பொருந்தும்வரை தரத்தை ஏற்றியும் இறக்கியும் கணக்கிடுகிறது. பங்கீடு சிரமத்துக்கு நேர்விகிதமாக இருப்பதில்லை. வேகமாக அசையும் காட்சியில் சிறு மங்கலைக் கண் கவனிக்காது என்பதால், கூட்டத்துக்கு அதிகம் கொடுத்தாலும் அது கேட்கும் அளவு முழுவதையும் கொடுப்பதில்லை. இதை நிர்ணயிக்கும் அமைப்பின் பெயர் qcomp. வழக்கமான மதிப்பு 0.6. 0 என்று வைத்தால் எல்லாக் காட்சிக்கும் ஒரே பிட்ரேட் என்ற நிலையை நோக்கிப் போகும். 1 என்றால் சிரமம் கேட்டதையெல்லாம் கொடுக்கும். பெரும்பாலும் இதைத் தொடாமல் விடுவதே சரி.

எழுதும்போதும் என்கோடர் கணக்கை விட்டுவிடுவதில்லை. ஊகித்ததற்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்து வரும் ஃபிரேம்களில் சிறுகச் சிறுகச் சரிசெய்துகொண்டே போகிறது. பத்து நிமிடப் படத்தில் சராசரி பொதுவாக இலக்குக்கு ஒரு சதவீதத்துக்குள் வந்து நிற்கும். இந்த உதாரணத்தில் கோப்பு 49.5 எம்.பி.யை ஒட்டி அமையும். சில விநாடிகளே ஓடும் துணுக்கில் அப்படிச் சரிசெய்ய இடம் போதாது. அங்கே பிழை கூடுதலாக இருக்கும்.

அளவு கொஞ்சம் மீறிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதல் ஓட்டத்தின் பதிவு அப்படியே இருக்கிறது. 560-ஐ 550 ஆக்கி இரண்டாம் கட்டளையை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.

தவறு நேர்வது பெரும்பாலும் இந்தப் பதிவுக் கோப்பில்தான். ஒரே கோப்புறையில் இரண்டு படங்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் ஒரே பெயருள்ள பதிவில் எழுதி ஒன்றையொன்று கெடுத்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் `-passlogfile` என்று தனிப்பெயர் கொடுத்தால் இது நேராது. ஃபிரேம்களின் வகையையும் அமைப்பையும் தொடும் எல்லா அமைப்புகளும் இரண்டு ஓட்டத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்; முதல் கட்டளையில் `scale` இருந்து இரண்டாவதில் விட்டுப்போனால், அளந்தது ஒரு படம், எழுதுவது வேறு படம் என்றாகிவிடும்.

கோப்பு இலக்கைவிட மிகச் சிறியதாக வருவதும் உண்டு. வெறும் ஸ்லைடுகள் ஓடும் வீடியோவில், தரத்தை உச்சத்துக்கு ஏற்றினாலும் கொடுத்த பிட்டுகளைச் செலவழிக்க வழி இருக்காது. அப்போது திரையில் `2pass curve failed to converge` என்ற எச்சரிக்கை வரலாம். கேட்ட பிட்ரேட் எட்ட முடியாத அளவு குறைவாக இருந்தாலும் இதே வரி வரும். முதல் வகையில் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது வகையில் படத்தின் அளவையோ நீளத்தையோ குறைத்தே ஆக வேண்டும்.

இருமுறை ஓட்டினால் படம் அழகாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒருமுறை ஓடும் சராசரி பிட்ரேட்டோடு ஒப்பிட்டால் அது உண்மை. ஆனால் தரத்தை மட்டும் நிர்ணயித்து அளவை அதன் போக்கில் விடும் `-crf` முறையும் பிட்டுகளைச் சிரமத்துக்கு ஏற்றபடியே பங்கிடுகிறது. இரண்டு முறையிலும் ஒரே அளவுக் கோப்பு வந்தால், தரத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிட்டத்தட்ட இருக்காது. ஆகவே அளவுக்கு வரம்பே இல்லாத இடத்தில் இருமுறை ஓட்டுவது நேர விரயம்.

ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள்களில் சராசரி பிட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தால் இதே வசதி ஒரு டிக் பெட்டியாக இருக்கும். 560 என்ற எண்ணை மட்டும் கையால் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு மூலம் ஓடும் என்விடியா என்கோடரிலும் மல்டிபாஸ் என்றொரு தேர்வு உண்டு. அது ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை பார்க்குமே தவிர, முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டி முடித்துவிட்டு எழுதத் தொடங்குவதில்லை. ஏழாவது நிமிடத்துக் கூட்டம் மூன்றாவது நிமிடத்தில் அதற்கும் தெரியாது. அதனால் துல்லியமான அளவு வேண்டும்போது வேகம் குறைந்தாலும் x264 போன்ற மென்பொருள் என்கோடரையே நாட வேண்டும்.