நிலநடுக்கப் பாடத்தைத் தமிழில் எழுதும்போது

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1. சென்னையிலும் லேசான அதிர்வு உணரப்பட்டது. ‘சுமத்ராவில் 9.1 என்றால் சென்னையில் எவ்வளவு?’ என்று மாணவர் கேட்கலாம். அங்கும் 9.1தான். அளவு என்பது நிலநடுக்கத்துக்கே உரிய ஒற்றை எண். இடத்துக்கு இடம் மாறுவது அதிர்வின் தீவிரம். அதை ரோமன் எண்களில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை குறிப்பது மெர்க்காலி அளவுகோல். இரண்டுக்கும் ‘தீவிரம்’ என்றே எழுதினால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

‘ரிக்டர் அளவில் 9.1’ என்பது செய்தித்தாள் வழக்கம். ரிக்டர் 1935இல் கலிபோர்னியாவுக்காக வகுத்த அந்த முறை, மிகப் பெரிய நிலநடுக்கங்களைக் குறைத்தே காட்டும். இன்று பயன்படுவது திருப்புத்திறன் அளவு. பாடத்தில் வெறுமனே ‘அளவு 9.1’ என்றாலே போதும். ஆனால் 6க்கும் 8க்கும் இரண்டே படி வித்தியாசம் என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. ஒரு படி கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகும். இரண்டு படிக்கு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

பாறையின் எல்லா விரிசலும் நிலநடுக்கப் பிளவு அல்ல. இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருக்க வேண்டும். ஆகவே ‘பிளவு’ என்பதைவிடப் ‘பெயர்ச்சிப் பிளவு’ துல்லியமானது. சுமத்ராவில் அப்படிப்பட்ட சாய்ந்த பிளவில் மேற்புறப் பாறை மேலேறியது. கடற்தரை உயர்ந்து, சுனாமி எழுந்தது.