குடோனில் இருப்பதெல்லாம் மில்லுடையதா?

மார்ச் 31 மாலை. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் பஞ்சுக் குடோன். கையில் பட்டியலோடு மில் ஆட்கள் இரண்டு பேர் பேல்களை எண்ணிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குடோன் பொறுப்பாளருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "ஆடிட்டர்னா நீங்கதான் எண்ணுவீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார்.

சரக்கை எண்ணுவது மில்லின் வேலை. அதை ஒழுங்காக எண்ணுகிறார்களா என்று கவனிப்பதும், கொஞ்சத்தை நாமே எண்ணிப் பார்ப்பதும் ஆடிட்டரின் வேலை. ஒரு காலத்தில் இதற்குக்கூட ஆடிட்டர்கள் போவதில்லை. கம்பெனி கொடுத்த காகிதமே போதும் என்றிருந்தார்கள். 1938-ல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து கம்பெனியின் கணக்கில் இருந்த சரக்கில் சுமார் 1 கோடி டாலர் மதிப்புள்ளது எங்குமே இல்லை என்று தெரியவந்தது. அதன்பிறகுதான் அங்கே ஆடிட்டர்கள் குடோனுக்குப் போகத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் இன்று சரக்கின் மதிப்பு கணிசமாக இருந்தால் ஆடிட்டர் நேரில் போயாக வேண்டும்.

அன்று நான் முதலில் பட்டியலிலிருந்து 40 பேல்களின் எண்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். எழுதியது உண்மையில் இருக்கிறதா என்பதை இது காட்டும். பிறகு தரையிலிருந்து தொடங்கி, கண்ணில் பட்ட 20 பேல்களின் எண்களைப் பட்டியலில் தேடினேன். இருப்பது எழுதப்படாமல் விட்டுப்போனதா என்பது இதில்தான் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அடுக்கில் ஒரு சிக்கல் உண்டு. நீளத்தில் 10, அகலத்தில் 6, உயரத்தில் 5 என்று பெருக்கி 300 என்பார்கள். நடுவில் வெற்றிடம் இருந்தால் இந்தப் பெருக்கல் காட்டிக்கொடுக்காது. அதனால் ஏணி போட்டு ஏறி, மேல் வரிசையில் சிலவற்றை விலக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை பஞ்சுச் சட்டையானது தவிர வேறு சேதமில்லை. அன்றைய கடைசி உள்வரவு எண்ணையும் கடைசி வெளியேற்ற எண்ணையும் குறித்துக்கொண்டேன். ஏப்ரலில் வந்த லாரியை மார்ச்சில் சேர்க்காமல் இருக்க இந்த இரண்டு எண்களும்தான் காவல்.

எண்ணி முடித்ததில் 1,240 பேல். ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் அதே 1,240. ஒன்றுகூட வித்தியாசமில்லை. எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் பின்வரிசை பேல்கள் சிலவற்றில் இருந்த அடையாளக் குறி மற்றவற்றில் இருந்ததுபோல் இல்லை. வாசல் பதிவேட்டைப் புரட்டினேன். அவை வந்த லாரியோடு விற்பனை பில் வரவில்லை. டெலிவரி சலான் மட்டும் வந்திருந்தது. பொறுப்பாளரைக் கேட்டேன். "அது கூலிக்கு வந்த பஞ்சு சார். நூலாக்கித் திருப்பிக் கொடுக்கணும். எப்பவும் நம்ம பஞ்சோடதான் அடுக்குவோம்" என்றார், எதையும் மறைக்காமல்.

அப்படி 180 பேல். பேலுக்கு 170 கிலோ, கிலோ 160 ரூபாய் என்று போட்டால் 48.96 லட்சம் ரூபாய். இது மில்லின் சரக்காக ஏறியிருந்தால், வாங்காத பஞ்சு இறுதி இருப்பில் சேர்ந்து, லாபத்தையும் அதே அளவுக்கு உயர்த்திக் காட்டியிருக்கும்.

எண்ணிக்கை ஏன் பொருந்தியது? ரிஜிஸ்டர் குடோனுக்குள் வந்ததை எழுதுகிறது, யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. கண்ணும் அப்படித்தான். இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னதால் பதிலும் ஒன்றாக வந்தது. பேல் இருக்கிறது என்பதற்கு எண்ணிக்கையை நம்பலாம். மில்லுடையது என்பதற்குக் கொள்முதல் பில்லும் சலானும் கூலி ஒப்பந்தமும் வேண்டும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. இதே மில்லின் நூல் ஒரு சாயப்பட்டறையில் இருந்தது. குடோனில் அதைத் தேடிப் பயனில்லை. பட்டறையிடமிருந்தே நேராக எனக்குக் கடிதம் வரவைத்தேன். மில் வழியாக வரும் கடிதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பேங்க் கடனுக்கு அடமானமாகக் காட்டிய சரக்கோ வேறு விஷயம். அது மில்லுடையதுதான், கணக்கில் அந்தக் கடன் பொறுப்பைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவே.

இறுதியில் 180 பேல் கழிந்து 1,060 ஆனது. அடுத்த மார்ச்சில் போனபோது கூலிப் பஞ்சைத் தனி மூலையில் கயிறு கட்டிப் பிரித்து வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் பெருமையோடு காட்டினார். கயிற்றுக்குள் இருந்தவற்றை எண்ணினேன், 64. பிறகு சலான்களைக் கேட்டேன்.