'பிழை சரிசெய்யப்பட்டது' என்றால் போதுமா?

பில் போட உதவும் சிறிய இணையச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பூ மார்க்கெட்டில் விடியற்காலை 4 மணிக்குப் போட்ட பில்லில் முந்தைய நாள் தேதி விழுகிறது. காரணம், சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால், காலை 5.30 வரை அதன் கணக்கில் நேற்றுதான்.

கோளாறைத் திருத்திவிட்டு, 'நேர மண்டலப் பிழை சரிசெய்யப்பட்டது' என்று அறிவித்தால் பூக்கடைக்காரருக்கு என்ன விளங்கும்? இப்படி எழுதலாம்:

"நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை போட்ட பில்களில் முந்தைய நாள் தேதி விழுந்தது. இனி சரியான தேதி வரும். பழைய பில்களில் நாங்கள் கை வைக்கவில்லை. 1ஆம் தேதி அதிகாலையில் போட்டவை போன மாதக் கணக்கில் சேர்ந்திருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்க, 'பில்கள்' பக்கத்தின் மேலே 'அதிகாலை' என்ற புதிய பொத்தானை வைத்திருக்கிறோம்."

கடைக்காரர் கண்ணால் கண்ட கோளாறு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. புதிய வசதி எங்கே இருக்கிறது என்பதும் தெரிகிறது. பலர் எழுதாமல் விடுவது பழைய பில்களைப் பற்றிய வரியைத்தான். வரிக்கணக்கு கொடுக்கும்போது கடைக்காரரைக் காப்பாற்றுவதும் அந்த வரிதான்.