தாடிக்கு எல்லை எது?

ஞாயிற்றுக்கிழமை காலை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாலிபர் டிரிம்மரும் கையுமாகக் கண்ணாடி முன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மாலையில் குரோம்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். மூன்று வாரத் தாடியை ஒழுங்கு செய்யப் புகுந்தவர், தாடை எலும்பையே எல்லையாகக் கொண்டு, அதற்குக் கீழே முழுவதையும் வழித்துவிடுகிறார். முகத்தைத் தூக்கிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. தலையை நேராக்கியதும் பகீர் என்றது! தாடி, முகத்தைச் சுற்றி ஒட்டிய நாடாவாகிவிட்டது. இல்லாத இரட்டை நாடி இருப்பதுபோல் தெரிகிறது. பிழை எங்கே?

கழுத்துக் கோடு

முகவாயைத் தூக்கினால் கழுத்துத் தோல் இழுபடும். எல்லை இன்னும் கீழே இருப்பதாகக் கண் ஏமாறும். கை மேலே மேலே ஏறும். ஆகவே, கோடு குறிக்கும்போது தலை நேராக இருக்கவேண்டும். வழிக்கும்போது மட்டும் தூக்கலாம். குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல்களைப் படுக்கையாக அடுக்கி வைத்தால், மேல் விரலின் மேல் விளிம்பே கோட்டின் நடுப்புள்ளி. அங்கிருந்து இரு காதுகளின் பின்புறம் நோக்கி, வாசலில் கட்டிய தோரணம் தொய்வதுபோல் வளைந்து ஏறவேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ளதைத்தான் எடுக்கவேண்டும்.

கழுத்து முடி பலருக்குப் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளரும். விரலால் தடவி, வழவழப்பாகச் செல்லும் திசையிலேயே வழிப்பது நல்லது. எதிர்த்து ஒட்ட வழித்தால், சுருண்ட முடி திரும்பித் தோலுக்குள் புகுந்து கொப்புளமாகும். நம் ஊர் வியர்வையும் சட்டைக் காலரும் உரசினால் எரிச்சலுக்குக் கேட்கவேண்டாம்.

கன்னக் கோடு

கிருதாவின் அடியிலிருந்து மீசை முனைவரை முடி தானாகவே அடர்ந்து நிற்கும் விளிம்புதான் கன்னக் கோடு. அதற்கு மேலே தனித்தனியாகத் தெரியும் முடிகளை மட்டும் எடுத்தால் போதும். இரண்டு கன்னங்களும் யாருக்கும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. வலப்புறம் இறங்கிவிட்டதென்று இடப்புறத்தை இறக்கி, மறுபடி வலப்புறத்தைத் தொட்டால், தாடி தாடைக்கே வந்து சேரும். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான்! ஈர முடி படிந்து ஏமாற்றும். ஆதலால் உலர்ந்த பிறகே தொடவேண்டும்.

வாலிபருக்கு வழி

போன முடியை மாலைக்குள் வரவழைக்க முடியாது. ஆனால் தாடி முழுவதையும் 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துவிட்டால், வழித்த இடத்துக்கும் தாடிக்கும் உள்ள வேற்றுமை மங்கும்; நாடா மறையும். முகத்து முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வது. பத்து நாள் கழுத்தைத் தொடாமல் விட்டால் கீழேயும் 3 மில்லிமீட்டர் வந்துவிடும். அப்போது தலையை நேராக வைத்து, இரண்டு விரல் அளந்து, புதுக் கோடு போட்டுக்கொள்ளலாம். நிச்சயதார்த்தத்துக்குள் நிச்சயம் சரியாகிவிடும்!