உங்கள் ஊருக்கு டெலிவரி இல்லையா?

வால்பாறைக்காரர் ஒருவர் 3,500 ரூபாய் மிக்ஸி ஒன்றைப் பிடித்துப்போய் வண்டியில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 642127 என்று பின்கோடைத் தட்டியதும், 'இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை' என்று சிவப்பு எழுத்து வருகிறது. வால்பாறைக்கு எதுவுமே வராதோ என்று அவர் நினைப்பார். அப்படியில்லை. அந்த விற்பனையாளர் சரக்கு வைத்திருக்கும் கிடங்கிலிருந்து அந்தப் பின்கோடுக்கு, அந்தப் பொருளைக் கொண்டுவர ஒத்துக்கொண்ட கூரியர் இல்லை. அவ்வளவுதான்.

எனவே முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது விற்பனையாளரை. பெரிய தளங்களில் ஒரே மிக்ஸியைப் பலர் விற்பார்கள். டெல்லிக்காரர் கைவிரித்த இடத்துக்குக் கோயம்புத்தூர்க்காரர் அனுப்பக்கூடும். இருபது, முப்பது ரூபாய் கூடுதலாக இருக்கலாம், பரவாயில்லை.

அதுவும் சரிவராவிட்டால், மலைக்குக் கீழே பொள்ளாச்சியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ தெரிந்த கடைக்கோ வரவழைக்கலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வால்பாறை முகவரியை அப்படியே விட்டு, பின்கோடை மட்டும் பொள்ளாச்சியின் 642001 என்று மாற்றிவிடுவார்கள். தளம் ஏற்றுக்கொள்ளும். பார்சல் பொள்ளாச்சிக் கிளைக்கும் வந்து சேரும். ஆனால் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி யார் வருவார்? 'முகவரி தவறு' என்று குறித்து, வந்த வழியே திருப்பிவிடுவார்கள். முகவரி, பின்கோடு, போனை எடுப்பவரின் எண் மூன்றும் ஒரே ஊருடையதாக இருக்க வேண்டும்.

சில சமயம் டெலிவரி உண்டு, கேஷ் ஆன் டெலிவரி மட்டும் இருக்காது. கூரியர் நிறுவனங்கள் முன்பணம் கட்டிய பார்சலுக்கும், வாசலில் பணம் வாங்கும் பார்சலுக்கும் தனித்தனிப் பின்கோடு பட்டியல் வைத்திருப்பதுண்டு. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் போகவர இரண்டு செலவும் பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழும். அதனால் திரும்பி வருவது அதிகமான பகுதிகளுக்கு அவர்களே இந்த வசதியை நிறுத்திவிடுவார்கள். தொகை வரம்பைத் தாண்டினாலும், நீங்கள் முன்பு அடிக்கடி மறுத்திருந்தாலும் இதே கதைதான். வண்டியில் நாலு பொருள் இருந்து, ஒன்றுக்கு மட்டும் இந்த வசதி இல்லையென்றால் மொத்த ஆர்டருக்கும் அது மறைந்துபோகலாம். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தால் காரணமான பொருள் சிக்கிவிடும். அதைத் தனி ஆர்டராகப் போடுங்கள்.

சொந்தமாக இணையதளம் நடத்தும் சிறு வியாபாரி என்றால், ஸ்பீடு போஸ்டில் அனுப்புவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தனியார் கூரியர் போகாத ஊருக்கும் தபால்காரர் போவார். ஆனால் பெரிய தளத்தில் கடை வைத்திருப்பவர், 'தளத்தில் வேண்டாம், என் எண்ணுக்கு யுபிஐயில் போடுங்கள், நேரே அனுப்புகிறேன்' என்றால் விலகிவிடுங்கள். அந்தப் பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது.

முன்பணம் கட்டியே வாங்குவது என்று முடிவானால், அந்தப் பின்கோடில் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். கொண்டுவந்து தரும் ஊரிலெல்லாம் வந்து எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே நீங்களே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டு, ரசீதைக் காட்டிச் செலவைக் கேட்க வேண்டியிருக்கும்.